கேட்டறி சந்திப்பு: ஒரு சொல்லும் மூன்று வாக்கியமும்

வேறொரு துறைக்கு மாற நினைக்கும் ஒருவர், அந்தத் துறையில் பல ஆண்டுகள் பழுத்த ஒருவரிடம் சிறிது நேரம் கேட்டு, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதை ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷனல் இன்டர்வியூ’ என்கிறார்கள். இப்போது அதையே ‘இன்ஃபர்மேஷனல் சாட்’, ‘காபி சாட்’ என்றும் சொல்கிறார்கள். இதில் வேலை கேட்பதில்லை, சிபாரிசும் கேட்பதில்லை. சந்திப்பு முடியும்போது கேட்டவருக்கு அந்தத் தொழில் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல் பிசகினால் சந்திப்புக் கேட்டு எழுதும் மடலும் பிசகிவிடுகிறது. கேட்பவர் வேலைக்கு அலைகிறார் என்று பெறுபவர் நினைத்துக்கொள்கிறார், பதிலே வருவதில்லை.

இந்தப் பெயரை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ரிச்சர்ட் போல்ஸ் என்ற அமெரிக்கர். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பேராலயத்தில் பாதிரியாராக இருந்தவர். 1968-இல் பேராலயத்தின் பணநெருக்கடியில் அவருடைய வேலை போயிற்று. பிறகு கல்லூரி வளாகங்களில் பணியாற்றிய பாதிரியார்களுக்கு உதவும் பொறுப்பு கிடைத்தது. அவர்களில் பலரும் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். இறையியல் மட்டுமே படித்த மனிதர் வேறு எந்தத் தொழிலுக்குப் போவது? அவர்களுக்காக 1970-இல் ஒரு கையேடு எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டார். 1972-இல் ஒரு பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. அதன் வழியாகப் பரவிய யோசனைதான் இது: ஒரு தொழிலுக்குள் நுழையும் முன், அதைச் செய்துகொண்டிருப்பவரிடமே போய்க் கேட்டுப் பாருங்கள்.

யோசனை நல்லது. பெயரில்தான் சிக்கல். ‘இன்டர்வியூ’ 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் பிரெஞ்சு மூலத்துக்கு ‘ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது’ என்பதே பொருள். செய்தியாளர் கேள்வி கேட்பது 19-ஆம் நூற்றாண்டில் சேர்ந்த பொருள். வேலைக்கு ஆள் எடுப்பது அதற்கும் பிறகு சேர்ந்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் மதிப்பெண் போடுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். கேட்டறியும் சந்திப்பிலோ கேள்வி கேட்பவர் இளையவர், பதில் சொல்பவர் மூத்தவர்.

தமிழிலும் அதே கதைதான். ‘நேர்காணல்’ அழகான ஆக்கம். நேரில் காண்பது என்று பிரெஞ்சு மூலத்தின் பொருளையே அது தாங்கி நிற்கிறது. ஆனால் பழக்கத்தில் அது பத்திரிகைக்கும் வேலைத் தேர்வுக்கும் போய்விட்டது. ‘உங்களோடு ஒரு தகவல் நேர்காணல் வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். பெறுபவர் எந்தப் பத்திரிகை என்று கேட்பார். ‘பேட்டி’ வடக்கிலிருந்து வந்த சொல். அங்கே ‘பேட்’ என்றால் சந்திப்பு. இங்கே ஒலிவாங்கி இல்லாமல் பேட்டி இல்லை. ‘விசாரணை’ என்றால் காவல் நிலையம். ‘அரட்டை’ என்பது ‘சாட்’டுக்குச் சரியாக வரலாம். ஆனால் 25 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் ‘அரட்டைக்கு நேரம் தருவீர்களா’ என்று யாரும் கேட்கமாட்டோம்.

ஒரு பழைய சொல் இருக்கிறது: செவ்வி. தக்க நேரம், பக்குவம் என்பவை அதன் பொருள்கள். ஒருவரைக் காணக் கிடைக்கும் வாய்ப்பையும் அது குறிக்கும். ‘அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம் பேஎய்கண் டன்னது உடைத்து’ என்கிறது 565-ஆம் குறள். காண்பதற்கு அரியவனாய், கண்டாலும் முகம் கடுத்தவனாய் இருப்பவனின் செல்வம் பேய் காத்த செல்வம் போன்றது. ஈழத் தமிழில் பேட்டிக்குச் செவ்வி என்று இன்றும் எழுதுகிறார்கள். தக்க நேரம், காணும் வாய்ப்பு இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதால் எனக்கு இதன்மேல் மிகுந்த ஆசை. ஆனால் தமிழ்நாட்டில் ஒருவருக்கு ‘செவ்வி வேண்டும்’ என்று எழுதினால் புரியாது. ஈழத்தில் எழுதினால் மறுபடியும் பத்திரிகைப் பேட்டி ஆகிவிடும்.

ஆகவே நான் பயன்படுத்துவது ‘கேட்டறி சந்திப்பு’. ‘கேட்டறிந்தார்’ என்று நாளிதழ்களில் தினமும் படிக்கிறோம், அதனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்ற இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. தொலைபேசியில் பேசினால் ‘கேட்டறி உரையாடல்’ என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இது நாம் விஷயத்தைப் பற்றிப் பேசும்போது உதவும் பெயர். மடலுக்குள் பெயர்ச்சொல் வேண்டாம், ‘உங்களிடம் கேட்டறிய விரும்புகிறேன்’ என்று வினையாகவே வரட்டும்.

அந்த மடல் மூன்று வாக்கியத்தில் முடிய வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. நான் யார், உங்களிடம் ஏன் வந்தேன் என்பது முதல் வாக்கியம். எதைக் கேட்டறிய வேண்டும் என்பது இரண்டாவது. எவ்வளவு நேரம், எப்போது என்பது மூன்றாவது. கைப்பேசித் திரையில் நகர்த்தாமலே படித்து முடித்துவிடலாம், ஒற்றை வரியில் பதிலும் போட்டுவிடலாம்.

திருப்பூரில் ஒரு சாய ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு வரைவைக் காட்டினார். துணியில் சாயம் நிற்கிறதா, துவைத்தால் போகிறதா என்று பார்ப்பதுதான் 5 ஆண்டுகளாக அவர் வேலை. சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பக்கம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டில் இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த ஊரில் முக்கியமாகிவிட்டன. அப்படி ஒரு நிலையத்தின் மூத்த பொறியாளருக்கு எழுத வேண்டும். அவர் வரைவு இது:

‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, தாழ்மையான வணக்கம். நான் வேதியியலில் பட்டம் பெற்று ஒரு ஆலையில் பணிபுரிந்து வருகிறேன். தங்களைப் போன்ற பெரியவர்களின் வழிகாட்டுதல் எனக்கு மிகவும் தேவை. சுத்திகரிப்புத் துறையின் எதிர்காலம் எப்படி உள்ளது என்று அறிய ஆவலாக உள்ளேன். தங்கள் நிலையத்தில் தகுந்த பணி ஏதேனும் இருந்தாலும் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் சுயவிவரத்தை இணைத்துள்ளேன். தங்கள் பொன்னான நேரத்தில் சிறிது ஒதுக்கினால் என்றென்றும் நன்றியுடன் இருப்பேன்.’

மரியாதைக்கு இதில் குறைவே இல்லை. ஆனால் இது விண்ணப்பம். ‘விண்ணப்பம்’ என்ற சொல்லும் ‘தெரிவித்தல்’ என்று பொருள்படும் வடசொல்லின் வழியாக வந்ததுதான். பெரியவர்களுக்குத் தெரிவிப்பதே மெல்ல மெல்ல அவர்களிடம் வேண்டுவதாகிவிட்டது. இந்த மடலிலும் அதே நகர்வு நடந்திருக்கிறது. ‘தாழ்மையுடன்’ என்றதும் அரசு அலுவலக மனு நினைவுக்கு வருகிறது. பணி இருந்தால் சொல்லுங்கள் என்ற வரியும் இணைத்த சுயவிவரமும் சேர்ந்ததும், பெறுபவர் இதை ஆள் சேர்க்கும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். துறையின் எதிர்காலம் எப்படி என்ற கேள்விக்கு 20 நிமிடத்தில் எவராலும் பதில் சொல்ல முடியாது. ‘சிறிது நேரம்’ என்பது 10 நிமிடமா, ஒரு மாலையா?

உட்கார்ந்து பேசிப் பேசி அது இப்படி ஆயிற்று:

‘வணக்கம் ஐயா, திருப்பூரில் ஒரு சாய ஆலை ஆய்வகத்தில் 5 ஆண்டுகளாகத் துணியின் சாய உறுதியைச் சோதிக்கிறேன், ஆவியாக்கியில் உப்பு படிவது பற்றி நீங்கள் கருத்தரங்கில் பேசியதைக் கேட்டேன். சுத்திகரிப்பு வேலைக்கு மாறலாமா என்று யோசிப்பதால், நிலையத்தில் ஒரு வேதியியலாளரின் நாள் எப்படிப் போகிறது, ஆய்வகத்திலிருந்து வருபவருக்கு முதல் ஆண்டில் எது கடினமாக இருக்கிறது என்று உங்களிடம் கேட்டறிய விரும்புகிறேன். அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் மாலை 6 மணிக்கு மேல் தொலைபேசியில் 20 நிமிடம் பேச முடியுமா, அந்த வாரம் நெருக்கடி என்றால் அடுத்த மாதம் கேட்கிறேன்?’

முதல் வாக்கியத்தில் புகழ்ச்சி இல்லை. பொறியாளரின் பேச்சை உட்கார்ந்து கேட்டதற்கு, கழிவு நீரைக் காய்ச்சி ஆவியாக்கும் கருவியில் உப்பு படிவது பற்றிய அந்தக் குறிப்பே சாட்சி. இரண்டாவதில் இருக்கும் கேள்விகள் இணையத்தில் தேடிக் கிடைப்பவை அல்ல, அந்த வேலையைச் செய்தவர் மட்டுமே சொல்லக்கூடியவை. ஒரு மடலில் அதிகம் போனால் இப்படி இரண்டு கேள்வி போதும். மூன்றாவதில் மறுக்கவும் வழி விட்டிருப்பதைக் கவனியுங்கள். மறுப்பது எளிது என்று தெரிந்தால்தான் ஒருவர் தயக்கமில்லாமல் சம்மதிப்பார்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றில் விழிப்பாக இருக்க வேண்டும். படித்து, முடித்து, சேர்ந்து, பார்த்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் ஒரு பக்கத்தையும் நம் மொழி ஒரே வாக்கியமாக ஏற்றுக்கொள்ளும். அப்படி மூன்று வாக்கியம் எழுதினால் கணக்கு சரியாக வரும், பயன் இருக்காது. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது நீளம். மேலே உள்ள மடலின் நடு வாக்கியம் அந்த எல்லையில்தான் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் ஏற்ற விடவில்லை.

பெண் அதிகாரியானால் ‘அம்மா’ என்றோ, அந்த அலுவலக வழக்கப்படி ‘மேடம்’ என்றோ எழுதலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவரைத் தேட வேண்டியதுதான்.

தம்பிக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘வியாழன் 6.30. கூப்பிடுங்கள்.’ பேசும்போது வேலை வாய்ப்பைப் பற்றித் தம்பி வாய் திறக்கவில்லை. 18-ஆம் நிமிடத்தில், ‘ஐயா, நான் கேட்ட நேரம் முடியப்போகிறது’ என்று அவரே நினைவுபடுத்தினார். ‘பரவாயில்லை தம்பி, இரவு ஷிஃப்ட் பற்றிச் சொல்லாமல் விட்டேனே’ என்று பொறியாளர் இன்னும் 10 நிமிடம் பேசினார். ஆவியாக்கி இரவில் நிற்காது என்பதையும், அதனால் முதல் ஆண்டில் வேதியியலைவிடத் தூக்கம்தான் பெரிய பாடம் என்பதையும் தம்பி அப்போதுதான் தெரிந்துகொண்டார். வைப்பதற்கு முன் கடைசியாக ஒன்று கேட்டார்: ‘இதைப் பற்றி நான் வேறு யாரிடம் கேட்டால் நல்லது?’ சவ்வூடு வடிகட்டும் பிரிவில் இருக்கும் ஓர் அம்மாவின் பெயர் கிடைத்தது. அடுத்த மடலின் முதல் வாக்கியம் அந்தப் பொறியாளரின் பெயரோடு தொடங்கியது.