லீட்: செய்திமடலின் முதல் வரிக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆங்கிலப் பத்திரிகை உலகில் ஒரு செய்தியின் தொடக்க வரிகளை 'லீட்' என்பார்கள். தலைப்புக்கு அடுத்து வரும் முதல் வாக்கியம், மிஞ்சிப்போனால் முதல் பத்தி. அதற்கு மேல் படிக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் வேலை. இப்போது நிறுவனங்களும் சங்கங்களும் செய்திமடல் அனுப்புகிறார்கள். அதனால் பத்திரிகைக்காரர்களின் இந்தச் சொல் மடல் எழுதுபவர்களிடமும் புழங்குகிறது.

'முன்னால் நடந்து அழைத்துப் போ' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல் இது. வாசகரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகும் வரி என்பது கருத்து. ஆங்கிலத்தில் lead என்ற அதே எழுத்துகளைக் கூட்டினால் ஈயம் என்றும் பொருள் வரும். அச்சுக்கோத்த காலத்தில் வரிகளுக்கு நடுவே இடைவெளி விட ஈயப் பட்டைகளைச் செருகுவார்கள். ஒரே அச்சகத்துக்குள் இரண்டும் குழம்பக் கூடாதென்றே தொடக்க வரிக்கு lede என்று வேறு எழுத்துக்கூட்டல் வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தப் புதிய வடிவத்தை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி சேர்த்துக்கொண்டது 2008-இல்தான். 'லீடைப் புதைத்துவிட்டான்' என்று ஒரு தொடரும் உண்டு. முதலில் சொல்ல வேண்டியதை நாலாவது பத்தியில் ஒளித்துவைத்துவிட்டான் என்று பொருள்.

தமிழில் என்ன சொல்வது? 'இன்ட்ரோ' என்று சொல்லலாம். பிரிட்டிஷ் பத்திரிகை வழக்கும் அதுதான். 'முகவுரை' பொருந்தாது, அது நூலுக்கு முன் நிற்கும் அறிமுகம், விஷயத்துக்குள் அது நுழைவதில்லை. 'முதல் பத்தி' என்பது இடத்தை மட்டும் சொல்கிறது. முதல் பத்தியில் வெறும் நலம் விசாரிப்பு இருந்தாலும் அது முதல் பத்திதானே.

எனக்குப் பிடித்த சொல் நன்னூலில் இருக்கிறது. நூல் எழுதுவதற்கான 32 உத்திகளை அடுக்கும்போது பவணந்தியார் முதலாவதாக வைப்பது 'நுதலிப் புகுதல்'. நுதலுதல் என்றால் சொல்லப்போகும் பொருளைக் குறித்துச் சுட்டுவது. சுட்டிவிட்டு, அப்புறம் உள்ளே போவது நுதலிப் புகுதல். அதே பட்டியலில் கொஞ்சம் தள்ளி 'தொகுத்துச் சுட்டல்', அதை ஒட்டியே 'வகுத்துக் காட்டல்'. முதலில் சுருக்கமாக, பிறகு விரிவாக. லீட் செய்யும் வேலையும் இதேதான். அதனால் நான் அதை 'நுதல் வரி' என்று சொல்லிப் பழகிவிட்டேன். நுதல் என்றால் நெற்றி என்றும் பொருள் இருப்பதால், மடலின் நெற்றியில் நிற்கும் வரிக்கு அது இன்னும் பொருந்துகிறது. கேட்பவருக்குப் புதிதாகப் பட்டால் 'முகப்பு வரி' என்று சொன்னாலும் சரி.

சமீபத்தில் ஒரு நூலகத்தின் செய்திமடலைத் திருத்திக்கொடுத்தேன். தலைப்பு 'ஜூன் மாதச் செய்திமடல்'. தொடக்கம் இப்படி:

"அன்பார்ந்த வாசகர்களே, வணக்கம். வாசகர்களின் வசதியை மேம்படுத்தும் நோக்கில் நமது நூலகம் தொடர்ந்து பல பணிகளை மேற்கொண்டு வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்த வகையில் தரைத்தளத்தில் புதிய அலமாரிகள் பொருத்தும் பணி நடைபெறவுள்ளதால், வரும் ஜூன் 10-ஆம் தேதி முதல் 24-ஆம் தேதி வரை நூலகம் மூடப்பட்டிருக்கும்."

கடைசிப் பத்தியில் இன்னொரு விஷயமும் இருந்தது: அந்த நாள்களில் திருப்ப வேண்டிய புத்தகங்களை 30-ஆம் தேதி வரை அபராதமில்லாமல் திருப்பலாம். வாசகருக்கு மிகவும் வேண்டிய தகவல் அதுதான். அதை மடலின் அடியில் போய்த் தேட வேண்டியிருந்தது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனியுங்கள். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'ஆல்' என்று முடியும் காரணம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனவே வாக்கியம் நீளமாக ஆக, என்ன நடக்கப்போகிறது என்பது பின்னால் தள்ளிப்போகிறது. கைபேசியின் அஞ்சல் பட்டியலில் தலைப்பும் அதன் கீழே ஒன்றிரண்டு வரியும்தான் தெரியும். மேலே உள்ள மூன்றாவது வாக்கியத்தையே முதலில் வைத்தாலும், 'பொருத்தும் பணி நடைபெற...' என்ற இடத்தில் வெட்டுப்படலாம். 'மூடப்பட்டிருக்கும்' கண்ணிலேயே படாது. அவசரமாகப் பார்ப்பவர், ஏதோ அலமாரி வருகிறது, நல்லது என்று நினைத்து அடுத்த அஞ்சலுக்குப் போய்விடுவார்.

ஆகவே நீண்ட வாக்கியத்தை உடைத்து, விளைவை முதல் வாக்கியமாகவும் காரணத்தைக் கடைசி வாக்கியமாகவும் வைத்தேன். தலைப்பில் வினைமுற்றே வேண்டாம், பெயர்ச்சொல்லில் முடித்தால் போதும்:

"ஜூன் 10–24 நூலகம் மூடல், புத்தகம் திருப்ப 30 வரை அவகாசம்"

"ஜூன் 10 முதல் 24 வரை நூலகம் திறக்காது. அந்த நாள்களில் திருப்ப வேண்டிய புத்தகங்களை 30-ஆம் தேதிக்குள் கொடுத்தால் அபராதம் இல்லை. தரைத்தளத்தில் புதிய அலமாரிகள் பொருத்துகிறார்கள்."

தேதி முன்னால் இருப்பதால் தலைப்பின் வால் வெட்டுப்பட்டாலும் நாளும் 'மூடல்' என்ற சொல்லும் தங்கிவிடும். 'வாசகர்களின் வசதியை மேம்படுத்தும் நோக்கில்' என்ற தொடரை எடுத்துவிட்டேன். அதை இழந்து யாருக்கும் எந்தத் தகவலும் குறையவில்லை. வணக்கத்தை முழுக்க நீக்க மனமில்லாமல் 'வணக்கம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினேன். அலமாரிகள் எத்தனை, யார் நன்கொடை என்பதெல்லாம் வகுத்துக் காட்டும் பகுதிக்குப் போயின.

சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. 'நூலகம் பற்றி முக்கிய அறிவிப்பு' என்ற தலைப்பு சின்னதுதான். ஆனால் எதையும் சுட்டவில்லை. வாசகர் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றால் அது நுதல் ஆகாது. மறுபக்கம், யார், எங்கே, எப்போது, ஏன் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் பழைய நீளமே திரும்ப வரும். எதை முதலில் வைப்பது என்று தடுமாறினால், பாயிரத்தில் காட்ட வேண்டியவையாக நன்னூல் சொல்லும் எட்டில் மூன்றை நினைத்துக்கொள்வேன்: நுதலிய பொருள், கேட்போர், பயன். எதைப் பற்றி, யாருக்கு, அவருக்கு இதனால் என்ன. இந்த மடலில் மூடல், புத்தகம் எடுத்துச்சென்றவர், அபராதம் இல்லை.

மடலில் நாலு செய்தி இருந்தால்? ஒன்றைத்தான் தலைப்பில் ஏற்ற முடியும். வாசகர் ஏதாவது செய்தாக வேண்டிய செய்தியை, அதிலும் நாள் நெருங்கியதை எடுங்கள். மற்ற மூன்றுக்கும் உள்ளே தனித்தனித் தலைப்பும் ஒரு நுதல் வரியும் போதும்.

நூலக மடலை அனுப்பும் முன் சோதனைக்கு எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். கைபேசிப் பட்டியலில் தலைப்பு சரியாக வந்தது. அதன் கீழே தெரிந்தது என்ன தெரியுமா? 'மடல் சரியாகத் தெரியவில்லையா? இங்கே தட்டவும்.' வார்ப்புருவில் எல்லாவற்றுக்கும் மேலே அந்த வரி இருந்ததால், அஞ்சல் செயலி அதையே தொடக்கமாக எடுத்துக்கொண்டது. அதை மடலின் அடிக்கு நகர்த்தினோம். முன்னோட்ட வரிக்கென்று அனுப்பும் மென்பொருளில் இருந்த பெட்டியில் 'புத்தகங்களை 30 வரை திருப்பலாம், அபராதம் இல்லை' என்று எழுதினோம். மறுபடி அனுப்பிப் பார்த்தபோது, மடலைத் திறக்காமலே இரண்டு செய்தியும் கண்ணில் பட்டன.