இயல்புத் தகுதி: மேலைச் சோதிடத்தின் மதிப்பெண் கணக்கு

மேலை நாட்டுச் சோதிட நூல்களில் வரும் ‘எசென்ஷியல் டிக்னிட்டி’ என்ற தொடரைச் சிலர் ‘அத்தியாவசிய கண்ணியம்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. டிக்னிட்டியின் மூலமான இலத்தீன் ‘டிக்னிடாஸ்’ என்பதற்குத் தகுதி, பதவி என்று பொருள். நிற்கும் ராசியாலும் பாகையாலும் ஒரு கிரகத்துக்குச் சேரும் தகுதி இது. எந்தப் பாவத்தில் இருக்கிறது, வக்கிரமா என்பவையெல்லாம் வேறு கணக்கு. ஆகவே ‘இயல்புத் தகுதி’ என்பதே பொருந்தும்.

இதில் ஐந்து படிகள். ஆங்கிலேயச் சோதிடர் வில்லியம் லில்லி 1647இல் வெளியிட்ட நூலில் உள்ள மதிப்பெண்களே இன்றும் பெரும்பாலும் வழங்குகின்றன. சொந்த ராசிக்கு 5, உச்சத்துக்கு 4. இவ்விரண்டுக்கும் ஆட்சி, உச்சம் என்ற நம் சொற்களே போதும். நெருப்பு, நிலம், காற்று, நீர் என மும்மூன்றாகப் பிரித்த ராசிக் கூட்டத்தின் பகல் அல்லது இரவு அதிபதிக்கு 3. இதை முக்கோண ஆட்சி எனலாம். ஒவ்வொரு ராசியையும் ஐந்து சமமற்ற துண்டுகளாக வெட்டி, சூரிய சந்திரர் நீங்கலான ஐவருக்குக் கொடுப்பது ‘டெர்ம்’. எல்லை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதால் ‘எல்லை’ என்றே சொல்லலாம்; அதற்கு 2. பத்துப் பத்துப் பாகையான ‘முகத்துக்கு’ 1. முகம் மட்டுமே உள்ள கிரகத்தை, வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் தறுவாயில் நிற்பவனோடு ஒப்பிடுகிறார் லில்லி.

முகத்தைத் திரேக்காணம் என்று எழுதத் தோன்றும். பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே திரேக்காணமும் வந்தது. ஆனால் அதிபதிகள் ஒன்றல்ல. மேஷத்தின் மூன்று முகங்கள் செவ்வாய், சூரியன், சுக்கிரன் வசம். நம் திரேக்காணத்தில் மூன்றாவது குருவுக்குரியது. பெயரை மாற்றினால் கணக்கும் மாறிவிடும்.

மேஷத்தில் 18 பாகையில் சூரியன் நிற்பதாகக் கொள்வோம். பகல் ஜாதகமானால் உச்சத்துக்கு 4, நெருப்பு ராசிகளின் பகல் அதிபதி என்பதால் 3, இரண்டாம் முகத்துக்கு 1, ஆக 8. அதே பாகை இரவு ஜாதகத்தில் வந்தால் முக்கோண ஆட்சி குருவுக்குப் போய்விடும், சூரியனுக்கு 5தான். இந்தச் சூரியனை நம் பஞ்சாங்கத்தில் தேடிப் பயனில்லை. அவர்கள் விண்மீன்களை வைத்து எண்ணாமல், வசந்த சமநாள் புள்ளியிலிருந்து தொடங்கும் சாயன ராசியில் எண்ணுவதால் இது ஏப்ரல் 8 வாக்கில் அமைகிறது. அன்று நமக்குச் சூரியன் மீனத்தில் இருக்கும்.

கழித்தலும் உண்டு. சொந்த ராசிக்கு ஏழாம் ராசியில் நின்றால் 5 போகும், நீசத்துக்கு 4. ஐந்து தகுதிகளில் ஒன்றுகூட இல்லாத கிரகம் ‘பெரிகிரைன்’, அதாவது வேற்றூரான். அதற்கும் 5 குறையும். மேஷத்தில் 27 பாகையில் சனி இருந்தால் நாம் நீசம் என்று சொல்லி முடித்துவிடுவோம். அங்கே கடைசித் துண்டு சனியின் எல்லை என்பதால் 2 கூடி, மொத்தம் கழித்தல் 2 ஆகிறது. வேற்றூரான் பழியும் இல்லை.

கணக்கில் தகராறு வருவது பெரும்பாலும் எல்லையில்தான். எகிப்திய அட்டவணையில் சனியின் இந்தத் துண்டு 25 பாகையில் தொடங்குகிறது. பண்டைய வானியலறிஞர் தாலமியுடையதாக லில்லி தருவதில் 26இல். சனி 25½ பாகையில் நின்றால் முதலாவதில் 2 கிடைக்கும். இரண்டாவதில் கிடைக்காது, வேற்றூரான் கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஒரு ஜாதகத்தை இருவர் கணித்து எண் ஒத்துவராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது எந்த அட்டவணை என்பதைத்தான்.