சல்லடைக்கு முன்னும் பின்னும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலம் ஒன்றில் எடுத்த மண்ணை நன்றாகக் கலந்து, இரண்டு பங்காக்கி, இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போகாவிட்டால் நாம் முதலில் சந்தேகப்படுவது கருவியைத்தான். பல நேரங்களில் தவறு அதற்கு வெகு முன்னதாக, ஒரு சொட்டு வேதிப்பொருள்கூடச் சேராத கட்டத்தில், உலர்த்தும் தட்டிலோ மரச்சுத்தியின் அடியிலோ சல்லடையிலோ நடந்து முடிந்திருக்கும்.

ஈரத்தோடு வந்த மண்ணில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை. பாலித்தீன் பையில் கட்டி நான்கைந்து நாள் வைத்திருந்தால் அங்ககப் பொருளிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறலாம். காற்றோட்டமே இல்லாவிட்டால் இருக்கும் நைட்ரேட்டும் வாயுவாகப் போய்விடலாம். எனவே மாதிரி வந்த அன்றே தட்டில் 2 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர்த்தத் தொடங்க வேண்டும். கரிசலைப் பொறுத்தவரை இதில் ஒரு கைப்பழக்கமும் உண்டு: அரைகுறை ஈரம் இருக்கும்போதே கட்டிகளைப் பட்டாணி அளவுக்குக் கையால் பிட்டுவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த கரிசல் கட்டி கல்லுக்குச் சமம். அதைப் பிறகு உடைக்க முயன்றால் உடைக்கக் கூடாத வேறொன்றும் சேர்ந்து உடையும்.

அவசரத்துக்கு 105 டிகிரி சூட்டடுப்பில் வைத்து எடுப்பது தவறு. அந்த வெப்பத்தில் களிமண் தாதுக்களின் அடுக்குகளுக்கிடையே உள்ள சாம்பல்சத்தின் நிலை மாறுகிறது, எளிதில் கரையும் மாங்கனீசின் அளவு கூடிவிடுகிறது. உலர்த்தும் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. நிழலில் உலர்ந்த மண்ணிலும் இந்த மாற்றங்கள் ஓரளவு நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் எல்லா மாதிரிகளும் ஒரே முறையில் உலர்ந்திருந்தால் அந்த மாற்றமும் ஏறக்குறைய ஒரே வழியில் இருக்கும். ஒப்பீட்டுக்கு வேண்டியது அதுதான். நைட்ரேட்டை மட்டும் துல்லியமாக அறிய வேண்டுமென்றால் மண்ணை உலர்த்தாமல் 4 டிகிரியில் குளிர்வித்து வைத்து, ஈரமாகவே சீக்கிரம் சாறு எடுக்க வேண்டும்.

அடுத்தது உடைத்தல். பேச்சில் அரைத்தல் என்கிறோம், வேலை அதுவல்ல. மண் துகள்கள் ஒட்டி உருவான கட்டிகளைப் பிரிப்பதே நோக்கம். கற்களைப் பொடியாக்குவது அல்ல. கரிசலில் இந்த வேறுபாடு கண்முன்னே நிற்கும், ஏனெனில் அதில் சுண்ணாம்பு இறுகி உருவான சுக்கான் கற்கள் கிடக்கின்றன. உலர்ந்த மாதிரி 1000 கிராம் என்றும், அதில் 2 மி.மீ.க்கு மேற்பட்ட சுக்கான் 120 கிராம் என்றும் கொள்வோம். மீதியுள்ள 880 கிராம் மண்ணில் சுண்ணாம்பு 5 சதவீதம், அதாவது 44 கிராம். சுக்கானில் அது 70 சதவீதம் என்றால் 84 கிராம். மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டி, சுக்கானைத் தனியே எடுத்த ஆய்வகம் 5 சதவீதம் என்று எழுதும். மின் அரைவையில் எல்லாவற்றையும் போட்டுப் பொடியாக்கிய ஆய்வகம் 128 கிராமை 1000-ஆல் வகுத்து 12.8 என்று எழுதும். இரண்டு ஆய்வகங்களும் சோதனையைப் பிழையின்றிச் செய்திருக்கும். சோதித்த பொருள்தான் வேறு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சல்லடையில் தங்கியதையெல்லாம் கல் என்று கொட்டிவிட்டால், உடைய மறுத்த கட்டிகளும் கூடவே போய்விடும். அவைதான் களி மிகுந்த பகுதி. சாம்பல்சத்தைப் பிடித்துவைத்திருப்பதும் அந்தக் களிதான். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கட்டியாக இருந்தால் ஓரங்களிலிருந்து குமிழ் விட்டுக்கொண்டே சரிந்து சேறாகிவிடும். சுக்கான் அப்படியே கிடக்கும். அமிலம் விட்டுப் பார்ப்பது இங்கே உதவாது, கரிசல் கட்டியிலும் சுண்ணாம்பு இருப்பதால் இரண்டுமே நுரைக்கும். ஆகவே சல்லடையில் கல்லும் வேரும் மட்டும் மிஞ்சும்வரை தட்டுவதும் சலிப்பதும் மாறிமாறித் தொடர வேண்டும். மிஞ்சிய கல்லை எறியும்முன் எடைபோட்டுக் குறிக்க வேண்டும். அறிக்கையின் எண்கள் 2 மி.மீ. சல்லடை வழியே இறங்கிய மண்ணுக்கு மட்டுமே உரியவை. வயலின் மண் எடையில் அது 88 சதவீதம்தான் என்பதை அந்தக் குறிப்பு ஒன்றே சொல்லும்.

சல்லடை எதனால் ஆனது என்பதும் கணக்கில் சேரும். நுண்ணூட்டச் சோதனையில் 10 கிராம் மண்ணைத்தான் எடுக்கிறோம். கிடைக்கும் நிலையிலுள்ள துத்தநாகம் கிலோவுக்கு 0.6 மி.கி. என்றால், அந்த 10 கிராமில் இருப்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஆறு பங்கு. துத்தநாகம் பூசிய கம்பிவலையிலிருந்து மயிரிழைத் தடிமனுள்ள ஒரு துணுக்கு உதிர்ந்தாலே ஏறக்குறைய அவ்வளவு எடை வந்துவிடும். பித்தளைச் சல்லடையில் துத்தநாகத்தோடு செம்பும் சேரும். நைலான் வலை இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். இருக்கும் சல்லடையைச் சோதிக்க, அமிலத்தில் கழுவிய தூய மணலை அதில் சலித்து, அந்த மணலையே மாதிரிபோல் பகுத்துப் பார்த்தால் போதும்.

அங்ககக் கரிமத்துக்கு 2 மி.மீ. போதாது. அந்தச் சோதனைக்கு எடுப்பது 1 கிராம் அல்லது அதற்கும் குறைவு. அதில் 2 மி.கி. எடையுள்ள ஒரு வேர்த் துண்டு அகப்பட்டால், வேரின் எடையில் சுமார் 40 சதவீதம் கரிமம் என்பதால், முடிவு 0.08 சதவீதம்வரை ஏறலாம். 0.45 என்று வர வேண்டியது 0.53 ஆகும், குறைவு என்ற வகைக்கான 0.5 என்ற எல்லையை ஒரு வேர் தாண்டவைத்துவிடும். எனவே கண்ணில் படும் வேர்களைப் பொறுக்கிய பின், மண்ணைப் பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கால் பங்கீட்டு முறையில் சிறு பகுதியைப் பிரித்து, அந்தப் பகுதி முழுவதும் 0.2 அல்லது 0.5 மி.மீ. சல்லடையில் இறங்கும்வரை கல்வத்தில் அரைக்கிறார்கள். எளிதில் இறங்கியது போதும் என்று மிச்சத்தைக் கொட்டினால் மறுபடியும் பழைய தவறுதான்.

சலித்த மண் புட்டிக்குள் போனபின்னும் மாறிக்கொண்டுதான் இருக்கும். காற்றில் உலர்ந்த மண் என்பது நிலையான எடையுள்ள பொருள் அல்ல. ஐப்பசி மழையில் ஈரத்தை இழுக்கும், சித்திரையில் விடும். உலர்எடைக்கு 8 சதவீத ஈரமுள்ள கரிசலில் 10 கிராம் நிறுத்தால் உண்மையான மண் 9.26 கிராம்தான், 1.5 சதவீத ஈரமுள்ள செம்மண்ணில் 9.85 கிராம். இந்த ஈரத்தை அறிய ஒரு சிறு பகுதியை 105 டிகிரியில் காயவைத்து எடை பார்க்கிறோம். மேலே விலக்கிய அதே சூட்டடுப்புக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் அதில் வைத்த மண்ணை வேறு சோதனைக்கு எடுப்பதில்லை. புட்டி இறுக மூடியிருக்க வேண்டும், உர மூட்டைகள் உள்ள அறையில் இருக்கக் கூடாது. அரை கிலோ மண்ணில் 0.1 கிராம் பொட்டாஷ் உரம் விழுந்தாலே கிலோவுக்குச் சுமார் 100 மி.கி. சாம்பல்சத்து கூடிவிடும். சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்சீட்டைப் பென்சிலால் எழுதுவது நல்லது, மை ஈரத்தில் கரையும்.

நான் சில காலம் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், பெரிய அளவில் தயாரித்து வைத்த ஒரே மண்ணை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்துச் சோதிப்போம். அதன் சாம்பல்சத்து அளவு ஒரு கட்டத்தில் மெல்ல இறங்கத் தொடங்கியது. கருவியைத் துடைத்தோம், கரைசலைப் புதிதாகத் தயாரித்தோம், பயனில்லை. கடைசியில் புட்டியின் அடியை விளக்கொளியில் பார்த்தபோது, நாள்தோறும் மேசையில் தட்டித் தட்டி வைத்ததில் நுண்துகள்கள் கீழே இறங்கி மேலே மணல் மிதந்து நின்றது. நாங்கள் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தது மேலிருந்த மணலை. புட்டியைக் காகிதத்தில் கவிழ்த்து, நான்கு மூலைகளையும் மாற்றிமாற்றித் தூக்கி உருட்டிக் கலந்து நிறுத்தபோது பழைய எண்ணே வந்தது.