காஜாவுக்குக் கொடுத்தாச்சு: ஓர் இந்திச் சிலேடை தமிழுக்கு வந்த விதம்

இந்தியில் நேற்றுக்கும் ‘கல்’தான், நாளைக்கும் ‘கல்’தான். பின்னால் வரும் வினைச்சொல்லைக் கேட்டால்தான் போன நாளா வரப்போகும் நாளா என்று தெரியும். வினைச்சொல்லை விட்டுவிட்டால் கேட்பவர் தன் ஆசைக்கு ஏற்ப எடுத்துக்கொள்வார். இந்த ஒரு சொல்லை வைத்து எழுதிய ஆறு நிமிட டெய்லர் கடை காமெடி ஒன்றைத் தமிழ் நடிகர்களை வைத்துத் திரும்ப எடுக்கப்போகிறோம், எழுதித் தாருங்கள் என்று என்னிடம் வந்தார்கள். இந்திக் காமெடி வீடியோக்களைத் தமிழுக்கு மாற்றி எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் எல்லாம் இந்த ஒரே ஸ்கிரிப்டில் தலைகாட்டின என்பதால் அதையே சொல்கிறேன்.

கதை இதுதான். தங்கை கல்யாணத்துக்குக் குர்தா தைக்கக் கொடுத்தவன் போன் செய்கிறான். டெய்லர் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருக்கிறார். “என் குர்தா?” என்று கேட்டால் “கல்” என்று மட்டும் முனகுகிறார். நேற்றே முடிந்துவிட்டது என்று நினைத்து அவன் துள்ளிக் குதித்து ஓடிவருகிறான். அவர் சொன்னதோ நாளைக்கு. நடுவில் இரண்டு முறை இதே கூத்து. அரைகுறைக் குர்தாவோடு கல்யாணம் முடிகிறது. கடைசியில் டெய்லர் கூலி கேட்டு வருகிறார். அவன் வாய் நிறையப் பீடா. “என் காசு?” “கல்.” நேற்றே கொடுத்துவிட்டானோ என்று குழம்பிய டெய்லர், தன் கடைப் பையனைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போகிறார்.

என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் இதைத் தமிழாக்கிப் பார்த்திருந்தார். அதில் டெய்லர் “நாளைக்கு” என்கிறார். வாடிக்கையாளருக்கு அது சரியாகக் காதில் விழாமல் “நேத்திக்கா?” என்கிறான். அவ்வளவுதான். நாளைக்கு என்பது நேற்றைக்கு என்று யாருடைய காதிலும் விழாது. இன்னொரு இடத்தில் ‘கல்’ என்பதை அப்படியே வைத்து, தமிழ்க் கல்லோடு முடிச்சுப் போட்டு, டெய்லர் கையில் ஒரு செங்கல்லைக் கொடுத்திருந்தார். இது எழுதுகிறவரின் மண்டைக்குள் மட்டும் நடக்கிற ஜோக். இந்தி வசனமும் தமிழ் எழுத்தும் அவருக்கு மட்டும்தான் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. பார்ப்பவருக்கு எதற்குச் செங்கல் என்றே புரியாது.

நான் இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் வந்தால் முதலில் சொல்லைத் தொடுவதில்லை. முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது, வரும் இடத்தில் கதைக்கு என்ன செய்து கொடுக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். இதில் மூன்று வேலைகள் இருந்தன. தொடக்கத்தில், வேலை முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளரை நம்ப வைக்கிறது. நடுவில் திரும்பத் திரும்ப வந்து அவன் எரிச்சலை ஏற்றுகிறது. முடிவில் அதே சொல், சொன்ன மனிதர் மேலேயே பாய்கிறது. வீடியோவின் பெரிய சிரிப்பு இந்த மூன்றாவது இடத்தில்தான். முதல் இடத்துக்கு ஒரு ஜோக், நடுவுக்கு வேறொரு ஜோக் என்று தனித்தனியாக நல்லதாகவே எழுதிவிடலாம். ஆனால் முடிவில் சொல் வீடு திரும்பாது. தமிழாக்கம் செய்த காமெடி வீடியோக்கள் பாதிவரை சிரிக்க வைத்துக் கடைசியில் நமத்துப்போக இது ஒரு பெரிய காரணம்.

ஆக எனக்கு வேண்டியது நேற்றும் நாளையும் அல்ல. டெய்லர் வாயில் இயல்பாக வரக்கூடிய, இரண்டு பொருள் தருகிற, முடிவில் காசு விஷயத்திலும் பொருந்துகிற ஒரு தமிழ்ச் சொல். பழைய இலக்கணக்காரர்கள் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று பிரிப்பார்கள். சொல் உடையாமல் நின்றே இரண்டு பொருள் தந்தால் செம்மொழி, உடைத்தால்தான் இரண்டாவது பொருள் வரும் என்றால் பிரிமொழி. வீடியோவுக்கு முதல் வகைதான் நல்லது. உடைத்துப் பார்க்கக் காதுக்கு நேரம் கிடையாது.

எங்கள் தெருமுனை டெய்லர் கடை வாசலில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சட்டை வாங்க வந்த எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “தைச்சாச்சுப்பா, காஜாவுக்குக் கொடுத்திருக்கேன்.” பட்டன் துளைக்குத்தான் காஜா என்று பெயர். சின்னக் கடைகளில் அதற்கென்று மெஷின் இருக்காது. காஜா போடுகிறவரிடம் கொடுத்து வாங்குவார்கள். எனக்குப் பொறி தட்டியது. காஜா என்பது ஆள் பெயரும் கூட.

புதிய ஸ்கிரிப்டில் குர்தா சட்டை ஆனது. நாயகனின் நண்பன் பெயர் காஜா, ஒரே தெரு. போனில் “சட்டை என்னாச்சு மாஸ்டர்?” என்று கேட்க, “காஜாவுக்குக் கொடுத்தாச்சு” என்கிறார். நண்பன் கையில் கொடுத்துவிட்டார் என்று இவன் நிம்மதியாகப் படுத்துவிடுகிறான். மறுநாள் காஜா வீட்டுக் கதவைத் தட்டி, “என் சட்டையைக் குடுடா” என்கிறான். முடிவில் டெய்லர் கூலி கேட்டு வருகிறார். “காஜாவுக்குக் கொடுத்தாச்சு மாஸ்டர்.” காஜா போடுகிற ஆளிடம் கொடுத்துவிட்டான் போல என்று அவர் அங்கே ஓடுகிறார். இவனும் பொய் சொல்லவில்லை. நண்பனிடம் வாங்கிய கைமாற்றைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறான். இந்தி மூலத்தில் இல்லாத ஒரு சின்ன நியாயம் தமிழில் கூடுதலாகக் கிடைத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஒத்திகையில் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பார்த்தால், டெய்லராக நடித்தவர் “காஜாகிட்ட குடுத்தாச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சில் அதுதான் சரளமாக வருகிறது என்றார். உண்மைதான். ஆனால் ‘கிட்ட’ என்று சேர்த்த உடனே அது ஆளுக்கு மட்டுமே பொருந்தும். பட்டன் துளையிடம் யாரும் எதையும் கொடுக்க முடியாது. ‘காஜாவுக்கு’ என்று இருந்தால்தான் ஆளுக்கும் போகும், வேலைக்கும் போகும். சிலேடை சொல்லில் இல்லை, ‘கு’ என்கிற உருபில் இருந்தது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட வரிகளைச் சிவப்பு மையில் எழுதி, “ஒரு எழுத்தும் மாறக்கூடாது” என்று ஓரத்தில் குறிப்பு போட்டுக் கொடுக்கிறேன். மற்ற வசனங்களை நடிகர்கள் இஷ்டப்படி மாற்றிப் பேசட்டும்.

அடுத்த சிக்கல், ஸ்கிரிப்ட் படிக்காத மூன்று பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியபோது வந்தது. கண்ணால் படிக்கக் கொடுத்தால் பயனில்லை, காதால்தான் கேட்க வேண்டும். அதில் ஒரு கல்லூரி மாணவிக்குக் காஜா என்றால் பட்டன் துளை என்றே தெரியவில்லை. ரெடிமேட் போட்டு வளர்ந்த பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்காக யாராவது ஒருவர் நின்று விளக்கினால் ஜோக் செத்துவிடும். அதனால் ஜோக்குக்கு வெகுநேரம் முன்பே, முதல் காட்சியில், கடைப் பையன் ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “மாஸ்டர், இதுல நாலாவது காஜா கோணலா இருக்கு” என்று சொல்லும்படி வைத்தேன். கேமரா துளைக்கு அருகே போகிறது. பார்ப்பவருக்குச் சொல் அறிமுகமாகிவிட்டது, ஆனால் சிலேடை வரப்போகிறது என்ற வாசனை இல்லை. நண்பனையும் அப்போதே பெயர் சொல்லி அழைத்துக் காட்டிவிட்டோம். இரண்டு பொருளும் முன்பே காதில் விழுந்திருந்தால்தான் மோதும்போது சத்தம் வரும்.

காஜா முஸ்லிம் பெயர் என்பதால் தயாரிப்பாளர் கொஞ்சம் தயங்கினார். நியாயமான தயக்கம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று வரி வரியாகப் பார்த்தோம். சிரிப்பு முழுக்க நாயகன் மேலும் டெய்லர் மேலும்தான் விழுகிறது. காஜா ஒருவன்தான் கதையில் சுயபுத்தியோடு பேசுகிறான். அவன் பேச்சுக்குச் செயற்கையான ‘பாய்’ உச்சரிப்பு எதுவும் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன்.

உண்மையான வம்பு வேறு இடத்தில் இருந்தது. இந்தி மூலத்தில் கடைப் பையன் பீகார்க்காரர்களின் பேச்சு பேசுவான். அதற்கே ஒரு சிரிப்பு. அதற்குப் பதிலாகத் தமிழில் நெல்லைப் பேச்சு வைக்கலாமா, இல்லை அவனை வடநாட்டுத் தொழிலாளியாகவே வைத்துத் தமிழைக் கொன்று பேச வைக்கலாமா என்று இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டும் வேண்டாம் என்றேன். அந்தக் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டிப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. ஊசியில் நூல் கோர்க்க அவன் படும் பாடுதான் ஜோக், பேச்சு வெறும் மேல்பூச்சு. பேச்சை எடுத்துவிட்டு நூலை வைத்துக்கொண்டோம். மற்றபடி மூலத்தில் இருந்த சின்னச் சின்னச் சொல் விளையாட்டுகளில் இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். அதனால் எதுவும் குறையவில்லை.

இதெல்லாம் திரும்பப் படம் பிடிப்பதால் நடந்தது. அதே இந்திக் காட்சிகளுக்கு மேல் குரல் மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் காஜாவுக்கு வழியில்லை. திரையில் நண்பனும் இல்லை, குர்தா சட்டையாகவும் மாறாது. அப்படி ஒரு டப்பிங் பதிப்பும் பிறகு கேட்டார்கள். அங்கே கைகொடுத்தது டெய்லர் வாயில் இருந்த குண்டூசி. தமிழில் நடந்ததா நடக்கவில்லையா என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. வாலை விழுங்கிவிட்டால் “முடி…ம்ம்” என்பது முடிஞ்சதாகவும் இருக்கலாம், முடியலையாகவும் இருக்கலாம். உதடு அசைவும் ‘கல்’ அளவுக்கே சின்னது. கடைசியில் பீடா வாயோடு இவன் சொல்லும் “குடு…ம்ம்” குடுத்துட்டேனா, குடுக்கணுமா என்று டெய்லருக்குத் தெரியாது. காஜா அளவுக்கு வெடிச் சிரிப்பு இல்லை, ஆனால் மூன்று வேலையையும் செய்துவிடுகிறது.

சில மாதம் கழித்து, இதையே தெலுங்கில் எடுக்கப்போகிற ஒரு குழு எங்கள் தமிழ் ஸ்கிரிப்டைக் கேட்டது. தெலுங்கிலும் நேற்றுக்கு ‘நின்ன’, நாளைக்கு ‘ரேப்பு’ என்று வேறு வேறு சொற்கள்தான், எனவே இந்தி மூலம் அவர்களுக்கும் நேராக உதவாது. தமிழ் வசனத்தைக் கொடுத்தால் காஜாவைப் பிடித்துத் தொங்குவார்கள் என்று தோன்றியது. இந்தி வீடியோவையும், மூன்று வேலைகளைக் குறித்து வைத்திருந்த அந்தத் தாளையும் மட்டும் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து தங்கள் வரியைச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனுக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தது மட்டும் கேட்டது.