லாபம் பத்து லட்சம், பேங்கில் எழுபதாயிரம்

ஏப்ரல் மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லாபம் பத்து லட்சம்னு போட்டிருக்கீங்க. சரி, அந்தப் பணம் எங்கே?" கேட்பவர் யாரையும் சந்தேகப்படவில்லை. பேங்க் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கான பதிலைத்தான் ரொக்க ஓட்ட அறிக்கை சொல்கிறது. அதைத் தயாரிக்கும் இரண்டு வழிகளில் மறைமுக முறை என்பது லாபத்தில் தொடங்கி, அதிலுள்ள பணமில்லாத கணக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, கடைசியில் பணத்துக்கு வந்து சேர்வது.

இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் இந்த முறையில்தான் அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் விதி. எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனது என்று நேரடியாக எழுதும் நேரடி முறையைக் கணக்கியல் தரநிலைகள் அனுமதிக்கின்றன. ஆனாலும் நடைமுறையில் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் மறைமுக முறைதான்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். நூல் வாங்கி, துணியாக்கி, தைத்துக் கடனுக்கு விற்கிறார்கள். 2024-25இல் விற்பனை 90 லட்சம், வரிக்கு முந்தைய லாபம் 10 லட்சம். வருடத் தொடக்கத்தில் கையிலும் பேங்கிலுமாக 2 லட்சம் இருந்தது. மார்ச் 31 அன்று இருப்பதோ 70 ஆயிரம். பத்து லட்சம் சம்பாதித்தவரிடம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் குறைந்திருக்கிறது.

முதலில் தேய்மானம். இவர்களுடைய தையல் இயந்திரங்களுக்கும் நிட்டிங் இயந்திரத்துக்கும் அந்த வருடம் 3 லட்சம் தேய்மானம் எழுதியிருக்கிறார்கள். இதை லாபத்தோடு கூட்ட வேண்டும் என்று பி.காம் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பல வருடம் தேய்மானம் என்பது எங்கிருந்தோ பணம் கொண்டுவரும் ஒரு சமாச்சாரம் என்றே மனதுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். அறிக்கையைப் பார்த்தால் அப்படித்தானே தோன்றுகிறது? கூட்டல் குறியோடு மூன்று லட்சம் நிற்கிறது.

அது வரவு அல்ல, முன்பு செய்த கழித்தலை ரத்து செய்வது மட்டுமே. இயந்திரத்துக்கான பணம் அதை வாங்கிய வருடமே போய்விட்டது. லாப நட்டக் கணக்கு அந்தச் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்து, இந்த வருடப் பங்காக 3 லட்சத்தைக் கழித்திருக்கிறது. இந்த வருடம் அதற்காக யாருக்கும் செக் எழுதவில்லை. எனவே பணத்தைத் தேடும்போது அந்தக் கழித்தலைத் திருப்பிப் போடுகிறோம்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. தேய்மானத்தை 3 லட்சத்துக்குப் பதிலாக 6 லட்சமாக எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 10 லட்சத்திலிருந்து 7 லட்சமாக இறங்கும். அதோடு 6 லட்சத்தைக் கூட்டினால் 13 லட்சம். பழைய கணக்கில் 10 லட்சத்தோடு 3 லட்சம் கூட்டினாலும் அதே 13 லட்சம்தான். தேய்மானத்தை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் பணம் அசையாது. வரி மாறுமே என்று கேட்கலாம். வருமான வரிக்கான தேய்மானத்துக்கு அந்தச் சட்டத்தில் தனி விகிதம் இருக்கிறது. கம்பெனிக் கணக்கில் எழுதும் தொகை அதை மாற்றாது.

அடுத்து, பழைய இயந்திரம் ஒன்றை விற்றிருக்கிறார்கள். தேய்மானம் போகக் கணக்கில் மீதியிருந்த புத்தக மதிப்பு 80 ஆயிரம், விற்ற விலை 1 லட்சத்து 10 ஆயிரம். வித்தியாசமான 30 ஆயிரம் லாபக் கணக்கில் ஏறியிருக்கிறது. இங்கே பணம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் வந்தது 30 ஆயிரம் அல்ல, 1 லட்சத்து 10 ஆயிரம். அது பனியன் விற்று வந்த பணமும் அல்ல. ரொக்க ஓட்ட அறிக்கையில் தொழில், முதலீடு, நிதி என்று மூன்று பகுதிகள் உண்டு. ஆகவே 30 ஆயிரத்தைத் தொழில் பகுதியிலிருந்து கழித்துவிட்டு, முழு 1 லட்சத்து 10 ஆயிரத்தை முதலீட்டுப் பகுதியில் வரவாகக் காட்ட வேண்டும். கழிக்க மறந்தால் அதே 30 ஆயிரம் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் பேங்க் பேலன்ஸோடு சரியாக 30 ஆயிரம் இடிக்கும்.

கடன் வட்டி 1 லட்சத்து 20 ஆயிரம். இது கையிலிருந்து போன பணம்தான். ஆனாலும் இங்கே கூட்டிவிட்டு, நிதி திரட்டும் பகுதியில் செலவாகக் காட்டுகிறோம். கடன் வாங்கியதற்கான விலை அது, பனியன் தைத்ததற்கான செலவு அல்ல என்பது தர்க்கம். ஆக, 10 லட்சம், 3 லட்சம், 1 லட்சத்து 20 ஆயிரம் மூன்றையும் கூட்டி 30 ஆயிரத்தைக் கழித்தால் 13 லட்சத்து 90 ஆயிரம். வரிக்குப் பிந்தைய லாபத்தில் தொடங்குபவர்கள் வரிக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்துத் திருப்பிக் கூட்ட வேண்டியிருக்கும்.

இதுவரை பணம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இனிமேல்தான் ஓட்டை தெரியும்.

வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி தொடக்கத்தில் 12 லட்சம், முடிவில் 21 லட்சம். சரக்கு அனுப்பி பில் போட்ட அன்றே அது விற்பனை; லாபத்தில் சேர்ந்துவிடும். பணம் வருவது அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்து. பாக்கி 9 லட்சம் ஏறியிருக்கிறது என்றால், விற்பனையாக எழுதிய 90 லட்சத்தில் 81 லட்சத்துக்குச் சமமான தொகைதான் பணமாக வந்தது என்று பொருள். எனவே 9 லட்சத்தைக் கழிக்கிறோம்.

சரக்கிருப்பு 6 லட்சத்திலிருந்து 9 லட்சத்து 50 ஆயிரமாக ஏறியிருக்கிறது. கூடுதலாக வாங்கிக் கிடங்கில் அடுக்கிய நூலும் துணியும் விற்காதவரை லாபக் கணக்கில் செலவாக வராது. ஆனால் அதற்கான பணம் முடங்கிவிட்டது. 3 லட்சத்து 50 ஆயிரம் கழிவு.

நூல்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 7 லட்சத்திலிருந்து 8 லட்சத்து 60 ஆயிரமாகியிருக்கிறது. அவர்களுக்கு இன்னும் கொடுக்காததால் அந்த 1 லட்சத்து 60 ஆயிரம் நம்மிடமே இருக்கிறது. அதைக் கூட்டுகிறோம். "சொத்து ஏறினால் கழி, பொறுப்பு ஏறினால் கூட்டு" என்று மாணவர்கள் சூத்திரமாக வைத்திருப்பார்கள். தேர்வுக்குப் போதும். ஆனால் வரவேண்டியதை நாம் பிறருக்குக் கொடுத்த கடனாகவும், கொடுக்க வேண்டியதைப் பிறர் நமக்குக் கொடுத்த கடனாகவும் பார்த்தால் சூத்திரமே தேவைப்படாது.

13 லட்சத்து 90 ஆயிரம் இப்போது 3 லட்சமாகச் சுருங்கிவிட்டது. கட்டிய வருமான வரி 2 லட்சத்து 20 ஆயிரம் போக, தொழிலில் நிகரமாகக் கிடைத்தது 80 ஆயிரம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் நேரடி முறையில் பார்க்கலாம். வாடிக்கையாளர்களிடம் வசூல் 81 லட்சம். இதே கம்பெனி அந்த வருடம் 49 லட்சத்து 60 ஆயிரத்துக்கு நூல் வாங்கி, 48 லட்சம் கொடுத்திருக்கிறது. கூலி, கரண்ட் பில் முதலான செலவுகளுக்கு 30 லட்சம் கொடுத்தது. 81இலிருந்து 48ஐயும் 30ஐயும் கழித்தால் மிச்சம் 3 லட்சம். இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. ஆனால் நேரடி முறை 3 லட்சம் என்று சொல்லி நிறுத்திவிடும். பத்து லட்சம் ஏன் மூன்று லட்சமாயிற்று என்பதை மறைமுக முறைதான் சொல்கிறது.

மற்ற இரண்டு பகுதிகளும் சுருக்கமானவை. புது இயந்திரத்துக்கு 5 லட்சம் கொடுத்தார்கள், பழையதை விற்று 1 லட்சத்து 10 ஆயிரம் வந்தது. முதலீட்டில் நிகரச் செலவு 3 லட்சத்து 90 ஆயிரம். புதுக் கடன் 3 லட்சம், வட்டி 1 லட்சத்து 20 ஆயிரம். நிதிப் பகுதியில் நிகர வரவு 1 லட்சத்து 80 ஆயிரம்.

தொழில்: + 80,000
முதலீடு: − 3,90,000
நிதி: + 1,80,000
மாற்றம்: − 1,30,000

தொடக்க இருப்பு 2 லட்சத்தில் இது போனால் 70 ஆயிரம். பாஸ்புக்கும் கல்லாவும் ஒத்துப்போகின்றன.

அறிக்கையில் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் டபிள்யூ. டி. கிராண்ட் கம்பெனி பழைய உதாரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த இந்தச் சில்லறை வியாபார நிறுவனம் 1975 அக்டோபரில் திவாலுக்கு மனு கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை லாபம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. 1980இல் லார்கே, ஸ்டிக்னி என்ற இரண்டு பேராசிரியர்கள் அதன் பழைய கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். லாபமும் தேய்மானமும் சேர்ந்த தொகை நன்றாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர் பாக்கியும் சரக்கும் வருடா வருடம் வீங்கியதைக் கழித்துப் பார்த்தபோது, தொழிலிலிருந்து பணம் வருவது பல வருடங்களுக்கு முன்பே வற்றிப்போயிருந்தது தெரிந்தது. நம் பனியன் கம்பெனியும் 13 லட்சத்து 90 ஆயிரத்தோடு நிறுத்தியிருந்தால் அமோகமாகத்தான் தெரிந்திருக்கும்.

தவறுகள் இரண்டு வகை. ஒன்று, கடைசியில் இடித்துத் தன்னைக் காட்டிக்கொடுப்பது. வராமல் போகலாம் என்று கருதும் பாக்கிக்காக முன்கூட்டியே செலவாக எழுதும் வராக்கடன் ஒதுக்கீடு இதற்குப் பேர்போனது. 50 ஆயிரம் ஒதுக்கியிருந்தால் அது பணமில்லாத செலவு என்று கூட்டுவோம். பிறகு பாக்கியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும்போது ஒதுக்கீடு போக மீதியுள்ள தொகையை எடுத்தால், அந்த 50 ஆயிரம் இரண்டாம் முறையும் கூடிவிடும். ஒதுக்கீட்டைக் கூட்டினால் பாக்கியை முழுத் தொகையில் எடுக்க வேண்டும். மீதியை எடுத்தால் ஒதுக்கீட்டைத் தொடக்கூடாது. எப்படியும் டேலி ஆகாததால் உட்கார்ந்து தேடிவிடுவோம்.

இரண்டாவது வகை டேலி ஆகிவிடும். எனக்குப் பயம் அதில்தான். நம் கணக்கில் கொடுக்க வேண்டிய பாக்கி 1 லட்சத்து 60 ஆயிரம் ஏறியதல்லவா? அதில் 1 லட்சம் நூல்காரருக்கு உரியதல்ல, புது இயந்திரம் விற்றவருக்குத் தர வேண்டிய மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இயந்திரத்துக்குக் கையிலிருந்து போனது 5 லட்சம் அல்ல, 4 லட்சம்தான். தொழில் பகுதியில் கூட்ட வேண்டியதும் 60 ஆயிரம்தான். திருத்தி எழுதினால் முதலீட்டுச் செலவு 2 லட்சத்து 90 ஆயிரமாகக் குறைகிறது. தொழில் பகுதி 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் இறங்கி, மைனஸ் 20 ஆயிரம் ஆகிறது. மொத்த மாற்றம் அதே 1 லட்சத்து 30 ஆயிரம் குறைவு, இருப்பு அதே 70 ஆயிரம். கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. இருப்புநிலைக் குறிப்பில் பாக்கி என்று ஒற்றை வரியாக நிற்கும் தொகையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னாலுள்ள பெயர்ப்பட்டியலை எடுத்து, இதில் யார் நூல் விற்றவர், யார் இயந்திரம் விற்றவர் என்று வரிசையாகப் பார்த்தால்தான் இது பிடிபடும்.