தலைப்பில் 'லைசென்ஸ்' என்று எழுதினால் வாடகைக்காரர் இல்லை என்று ஆகிவிடுமா?

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு ஒரு தையல் கடைக்கார அம்மா என் வக்கீல் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கடை ஷட்டரில் அவருடைய பூட்டுக்கு மேலே ஓனர் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டார். உள்ளே நான்கு மிஷின், இரண்டு கல்யாணப் பெண்களின் ப்ளவுஸ் துணி. ஒரு முகூர்த்தம் அடுத்த நாளே. போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் கையில் இருந்த அக்ரிமெண்டை வாங்கிப் பார்த்தேன். தலைப்பு: 'லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம்'. இந்த வருஷத்தில் இதே தலைப்போடு என்னிடம் வரும் ஐந்தாவது ஆள் இவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'லீஸ்' என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. சட்டம் சொல்கிற லீஸ், அதாவது குத்தகை, அது மட்டுமல்ல. மாதம் ஐயாயிரம் ரூபாய் வாடகை கொடுத்து ஒரு அறையில் இருப்பவரும் சட்டப்படி குத்தகைதாரர்தான். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 105ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு, ஒரு இடத்தை அனுபவிக்கும் உரிமையையே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அது குத்தகை. லைசென்ஸ் என்பது வேறு. அது அதே 1882இல் வந்த ஈஸ்மெண்ட் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே இடத்தின் மேல் எந்த உரிமையும் கைமாறுவதில்லை. 'என் இடத்தில் நீ இதைச் செய்துகொள்ளலாம்' என்ற அனுமதி மட்டும்தான். அந்த அனுமதி இல்லாவிட்டால் அவர் அங்கே நிற்பதே அத்துமீறல் ஆகியிருக்கும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள், இடம் விற்கப்படும்போது தெரிந்துகொள்கிறார்கள். குத்தகை என்றால் வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும். லைசென்ஸ் என்றால் கட்டுப்படுத்தாது. புது ஓனர் 'எனக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கலாம். இன்னொன்று, தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம் பாதுகாப்பது வாடகைதாரரைத்தான். சட்டம் அடுக்கியிருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கித்தான் அவரைக் காலி செய்ய வைக்க முடியும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. லைசென்ஸில் இருப்பவருக்கு இந்தக் கதவு திறக்காது.

இதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் தலைப்பை மாற்றி எழுதுகிறார்கள். வாடகை என்ற இடத்தில் 'உபயோகக் கட்டணம்', ஓனர் என்ற இடத்தில் 'உரிமம் வழங்குபவர்', கூடவே 'இதனால் வாடகைதாரர் உறவு ஏற்படாது' என்று ஒரு வரி. அந்தத் தையல் கடை அக்ரிமெண்டிலும் ஏழாவது ஷரத்தாக அச்சு அசலாக இந்த வரி இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று டைப் செய்தவரிடம் கேட்டால் நெட்டிலிருந்து என்கிறார். அது மகாராஷ்டிராவில் ஓடும் படிவம். அங்கே லைசென்ஸில் குடியிருப்பவரை வெளியேற்ற அந்த மாநில வாடகைச் சட்டத்திலேயே தனி வழி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே அந்தத் தலைப்பு வெறும் தலைப்புதான்.

இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். பத்திரத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து எந்த நீதிமன்றமும் முடிவு செய்யாது. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதாலும் முடிந்துவிடாது. 'வாடகைதாரர் உறவு இல்லை' என்று பத்து முறை எழுதியிருந்தாலும், உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது, இரண்டு பேரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். 1959இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. டெல்லி இம்பீரியல் ஓட்டலில் ஒருவர் முடிதிருத்தும் நிலையம் நடத்தினார். பத்திரத்தில் லைசென்ஸ் என்றே இருந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அந்த அறைகள் முழுக்க அவர் வசம் இருந்ததைப் பார்த்து, இது குத்தகை என்றார்கள். அப்புறம், ஓட்டல் அறைகளுக்கு அப்போதைய டெல்லி வாடகைச் சட்டத்தில் விலக்கு இருந்ததால் அவருக்குப் பலன் கிடைக்காமல் போனது வேறு விஷயம். ஆனால் 'பெயரைப் பார்க்காதே, பொருளைப் பார்' என்ற அந்த அளவுகோல் இன்றைக்கும் நிற்கிறது.

பதினொரு மாதம் என்று போட்டால் உரிமை வராது என்பதும் இதே ரகம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதம் போட ஆரம்பித்தார்கள். பதினொரு மாதக் குத்தகையும் குத்தகைதான்.

சரி, எதைப் பார்ப்பார்கள்? அந்த அம்மாவிடம் நான் கேட்ட கேள்விகளையே சொல்கிறேன். கடைச் சாவி யாரிடம்? "என்கிட்ட மட்டும்தான் சார்." ஓனர் நினைத்தபோது உள்ளே வருவாரா? "வந்தா வாசல்ல நின்னு கூப்பிடுவார்." உங்களை வேறு அறைக்கு மாறிக்கொள்ளச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? "அப்படி ஒண்ணும் இல்ல." கடையைத் திறப்பதும் மூடுவதும் யார் இஷ்டம்? அதுவும் அந்த அம்மா இஷ்டம்தான். இடம் தனியாக, மற்றவரை வெளியே நிறுத்தும் அளவுக்கு அவர் வசம் இருந்தது. இது ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன். வேலைக்காரருக்குக் கொடுத்த அறையும், தங்கிக்கொள் என்று உறவினருக்கு விட்ட மாடியும்கூட அவர்கள் வசம் தனியாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே குத்தகைக்கான எண்ணமே இருக்காது. கடையாக, காசு வாங்கிக்கொண்டு, மாதாமாதம் என்றால் தனி வசம் பெரிய சான்று.

அப்புறம் போனைக் கேட்டேன். மாதம் 8,500 ரூபாய் ஜிபே வழியாகப் போயிருந்தது. அதைவிட முக்கியம், ஓனரே வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த ஒரு வரி: "இந்த மாச வாடகை இன்னும் வரல." ஏழாவது ஷரத்து சொல்வதற்கு எதிராக அவர் கைப்படவே எழுதிக் கொடுத்த சான்று அது. அதை மேற்கோள் காட்டி அன்றைக்கே நோட்டீஸ் அனுப்பினோம். வழக்குப் போட வேண்டி வரவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் படித்துப் பார்த்து எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், ஆறாவது நாள் பூட்டு எடுக்கப்பட்டது. ஆனால் அந்த முகூர்த்தம் முடிந்துபோயிருந்தது. அந்தப் பெண் வேறு ப்ளவுஸோடு மேடை ஏறியிருக்கிறாள். துணிக்கான பணத்தைத் தையல் கடைக்காரர்தான் திருப்பிக் கொடுத்தார்.

மறுபக்கமும் உண்டு. ஒரு தனியார் மருத்துவமனை வளாகத்தில் டீ, ஜூஸ் கவுண்டர் நடத்திய அண்ணன் ஒருவர் வந்தார். அவர் கையில் இருந்த தாளில் தெளிவாக 'வாடகை ஒப்பந்தம்' என்று போட்டிருந்தது. நம்பிக்கையோடு வந்தவரை ஏமாற்ற எனக்கும் மனமில்லை, ஆனால் கேள்விகளுக்கு வந்த பதில்கள் எல்லாமே தலைகீழ். கவுண்டருக்கு ஷட்டரே கிடையாது. வெளிக் கேட்டைக் காலை ஆறு மணிக்கு மருத்துவமனை செக்யூரிட்டிதான் திறப்பார். டீ விலையை நிர்வாகம் முடிவு செய்கிறது. இரண்டு முறை அவரை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியிருக்கிறார்கள், அவரும் மாறியிருக்கிறார். இது லைசென்ஸ்.

இதற்கு நேரான தீர்ப்பு நம் சென்னையிலிருந்தே போனதுதான். ஜாம் பஜார் மார்க்கெட் தனியார் சொத்தாக இருந்தபோது, அங்கே ஆட்டிறைச்சி ஸ்டால் வைத்திருந்தவர்கள் தாங்கள் குத்தகைதாரர்கள் என்றார்கள். அவர்கள் கொடுத்ததற்கு 'வாடகை' என்றுதான் பெயர். ஆனால் மார்க்கெட் நேரத்தில் மட்டும்தான் ஸ்டாலைப் பயன்படுத்த முடியும், இரவில் கேட்டைப் பூட்டிக் காவல் வைப்பது உரிமையாளர் தரப்பு, மார்க்கெட்டைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. 1964இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் லைசென்ஸ் பெற்றவர்கள்தான் என்றது. மாலில் கியாஸ்க், காலேஜ் கேன்டீன் எடுப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

லைசென்ஸ் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. அனுமதியை ரத்து செய்தால் பொருட்களை எடுத்துக்கொண்டு வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும் (ஈஸ்மெண்ட் சட்டம் 63ஆம் பிரிவு). பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த அனுமதியை உங்கள் தவறு இல்லாமல் பாதியில் பிடுங்கினால் நஷ்டஈடு கேட்கலாம் (64). அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் கட்டியிருந்தால் ரத்து செய்வதே கடினம் (60). ஃப்ரிட்ஜும் பிளைவுட் ரேக்கும் நிரந்தரக் கட்டுமானம் ஆகாது. அந்த அண்ணனிடம் இருந்தது அவ்வளவுதான். அவருக்காக நான் கேட்டு வாங்கியது ஒரு மாத அவகாசமும் மீதிக் காலத்துக்கான பணமும். இடத்தைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவருடைய பணமும் நேரமும்தான் வீணாகியிருக்கும்.

வாடகைக்கு இடம் எடுப்பவர்களே, 'லைசென்ஸ்' என்று போட்ட தாளில் ஓனர் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பின்னால் நீதிமன்றத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று நான் மேலே சொன்னதை வைத்துத் துணிய வேண்டாம், அதற்குள் எத்தனை முகூர்த்தம் போகும் என்று பார்த்தீர்கள் அல்லவா. எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டு, tenancy.tn.gov.in தளத்தில் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யுங்கள். பதினொரு மாதத்துக்கும் இது வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது, தெரியுமா? பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ரசீது இல்லாமல் வராதீர்கள். ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை: பயம் இருந்தால் ஒழுங்கான வாடகை ஒப்பந்தத்தில் காலத்தையும் நிபந்தனைகளையும் தெளிவாக எழுதுங்கள். பூட்டுக்கு மேல் பூட்டு போடுவது உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.

வாடகைக்கு இருக்கும்போது இப்படிப் பூட்டுப் போட்டுவிட்டால், அன்றைக்கே இரண்டு பூட்டும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், ஸ்டேஷனில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், பேச்சுவார்த்தை என்று நாளைக் கடத்தாமல் வக்கீலைப் பாருங்கள். சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6ஆம் பிரிவில், உரிமை யாருடையது என்ற விசாரணைக்கே போகாமல் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஆறே மாதம்தான். ஏழாவது மாதம் வருகிறவருக்கு நான் போடக்கூடியது உரிமையை நிரூபித்து வசம் கேட்கும் சாதாரண சிவில் வழக்கு, அதற்குக் கோர்ட் கட்டணமும் வருஷங்களும் வேறு.