முற்று எங்கே விழுகிறது?

குறித்த நேரத்துக்குள் எழுதும் கட்டுரைகளில் மட்டும் தம் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவசரத்தில் மனம் அடுத்த கருத்துக்குத் தாவிவிடுகிறது, கை பின்தங்குகிறது என்பது நாம் அறிந்ததே. அந்த இடைவெளியில் கை நின்று யோசிக்கும் இடமெல்லாம் காற்புள்ளியாகிவிடுகிறது. திரும்பப் படிக்கும்போதோ, எழுதியதை விட்டுவிட்டு எழுத நினைத்ததையே படிக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு:

"நகரங்களில் வாகனங்கள் பெருகிவிட்டன, காற்று மாசடைகிறது, குழந்தைகள் நோய்வாய்ப்படுகிறார்கள் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏனெனில் மக்களின் உடல்நலம் பாதிக்கப்படுவதால்."

இதைப் பழுதுபார்க்கத் தமிழே ஒரு கருவி தந்திருக்கிறது. வினைமுற்று வாக்கியத்தை மூடுகிறது. வினையெச்சம் திறந்தே வைக்கிறது. முதல் வாக்கியத்தில் பெருகிவிட்டன, மாசடைகிறது, நோய்வாய்ப்படுகிறார்கள், வேண்டும் என நான்கு முற்றுகள் உள்ளன. அதாவது நான்கு வாக்கியங்கள் ஒரே முற்றுப்புள்ளிக்குள் அடைபட்டுள்ளன. முதல் இரண்டும் காரணமும் விளைவும் ஆதலால், "பெருகிவிட்டன" என்பதன் ஈற்றை மட்டும் அடித்துப் "பெருகிவிட்டதால்" என்று ஆக்கினால் அவை ஒன்றாகிவிடும். "மாசடைகிறது", "நோய்வாய்ப்படுகிறார்கள்" ஆகியவற்றின் பின் முற்றுப்புள்ளி இட்டு, குழந்தைகளுக்கு முன் "இதனால்" என்று சேர்த்தால் போதும். இறுதித் துண்டில் முற்றே இல்லை. "ஏனெனில்" என்று தொடங்கியதை மறந்து "ஆல்" என்று முடித்ததே காரணம். "பாதிக்கப்படுவதால்" என்பதைப் "பாதிக்கப்படுகிறது" என்று மாற்றினால் அது முழு வாக்கியமாகிவிடும்.

எச்சமாக்கும்போது எழுவாயைப் பார்க்க வேண்டும். "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் எழுவாயையே முடிக்கும் வினைக்கும் கொள்ளும் என்பது தொல்காப்பியம் சொல்லும் நெறி. "அரசு சட்டம் இயற்றி மக்கள் அதைப் பின்பற்றவில்லை" என்பது இதனால்தான் இடறுகிறது. "இயற்றியும்" என்றால் நேராகிறது. ("மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதில் எழுவாய் மாறினாலும், காரணப் பொருளில் மரபு அதை ஏற்கிறது.) முற்றும் எச்சமும் பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவாகவே முடிந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

முற்றை எண்ணும் சோதனைக்கு இரண்டு விலக்குகள் உண்டு. "கல்வி மனிதரின் உரிமை" என்பதில் பெயரே பயனிலையாக நிற்பதால் வினை இல்லாவிட்டாலும் அது நிறைவான வாக்கியமே. "வந்தாள், பார்த்தாள், சென்றாள்" என ஒரே எழுவாய்க்குக் குறுகிய முற்றுகள் அடுக்கி வருவதும் பிழையன்று. ஆங்கிலத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது: தனித்தனி எழுவாயும் முற்றும் கொண்ட இரு கூறுகளை இணைக்கக் காற்புள்ளி மட்டும் போதாது, இணைப்புச் சொல்லோ அரைப்புள்ளியோ வேண்டும்.

இறுதி மூன்று நிமிடங்களில் கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முந்தைய சொல்லில் விரல் வைத்துப் படியுங்கள். கருத்தின் ஓட்டம் அறுந்துவிடுவதால், அங்கே நிற்பது முற்றா எச்சமா என்பது தனியே கண்ணில் படும்.